குறுக்கும் நெடுக்கும் கூட்டிச் சரிபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக மாதாந்திர அட்டவணைகளைத் தயாரிப்பதும் பிறர் தயாரித்ததைச் சரிபார்ப்பதும் என் வேலை. புதிதாக வருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே சின்ன அட்டவணைதான் உதாரணம்: ஒரு நூலகத்தில் நான்கு பிரிவுகளிலிருந்து நான்கு வாரங்களில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை. எண்கள் நானே போட்டவை.

| பிரிவு | வாரம் 1 | வாரம் 2 | வாரம் 3 | வாரம் 4 | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| கதை | 128 | 143 | 119 | 136 | 526 |
| கட்டுரை | 57 | 64 | 48 | 71 | 240 |
| சிறுவர் | 92 | 85 | 107 | 98 | 382 |
| அறிவியல் | 34 | 29 | 41 | 37 | 141 |
| மொத்தம் | 311 | 321 | 315 | 342 | 1289 |

குறுக்கு மொத்தம், நெடுக்கு மொத்தம், பெருமொத்தம், இதுல எது எது?

வலது ஓரத்தில் இருக்கும் 526, 240, 382, 141 ஆகியவை குறுக்கு மொத்தங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிரிவின் நான்கு வாரக் கணக்கு. கீழே இருக்கும் 311, 321, 315, 342 ஆகியவை நெடுக்கு மொத்தங்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரத்தின் நான்கு பிரிவுக் கணக்கு. வலது கீழ் மூலையில் நிற்கும் 1289தான் பெருமொத்தம். கிராண்ட் டோட்டல் என்று சொல்வதும் இதைத்தான்.

ரெண்டு பக்கமிருந்து கூட்டினாலும் ஒரே எண் ஏன் வரணும்?

அட்டவணையில் உள்ள 16 கட்டங்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வரிசையில் ஒரு முறை இருக்கிறது, ஏதோ ஒரு நெடுவரிசையில் ஒரு முறை இருக்கிறது. சிறுவர் பிரிவின் 107-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 382-க்குள்ளும் இருக்கிறது, 315-க்குள்ளும் இருக்கிறது. குறுக்கு மொத்தங்களைக் கூட்டும்போது 16 எண்களும் தலா ஒரு முறை சேர்கின்றன. நெடுக்கு மொத்தங்களைக் கூட்டும்போதும் அதே 16 எண்கள் தலா ஒரு முறை சேர்கின்றன. கூட்டும் வரிசை மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பதால் 526 + 240 + 382 + 141-ம் 1289, 311 + 321 + 315 + 342-ம் 1289.

"தலா ஒரு முறை" என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி, அது உடைவதால் வருபவை.

குறுக்கே கூட்டியே பெருமொத்தம் வந்துடுச்சு. நெடுக்கேயும் ஏன் கூட்டணும்?

ஒரு வழியில் மட்டும் வந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எண் இல்லை. 382-ஐ 372 என்று தவறாகக் கூட்டியிருந்தால் பெருமொத்தம் 1279 என்று வந்திருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. நெடுக்கே போய் 1289 வரும்போதுதான் ஏதோ இடிக்கிறது என்று தெரியும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு வழிகளும் மூலைக்கு வரும் வரை ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. பலர் குறுக்கே கூட்டி மூலையில் 1279 என்று எழுதிவிட்டு, பிறகு நெடுக்கு மொத்தங்களைக் கூட்டுகிறார்கள். கண் எதிரே 1279 இருக்கும்போது கை தானாக அங்கேதான் போய்ச் சேரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூலையைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டு விடைகளையும் தனித்தாளில் எழுதி, சமமாக இருந்தால் மட்டும் மூலையை நிரப்புங்கள்.

டேலி ஆகலை. முதல்ல எங்கே பார்க்கணும்?

கடைசியாகச் செய்த கூட்டலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதாவது குறுக்கு மொத்தங்கள் நான்கையும், நெடுக்கு மொத்தங்கள் நான்கையும் மட்டும் மறுபடி கூட்டுங்கள். எட்டு எண்கள்தான். தவறு அங்கே இருந்தால் 16 கட்டங்களைத் தொடவே வேண்டாம்.

மறுபடி கூட்டும்போது மேலிருந்து கீழே வந்திருந்தால் இப்போது கீழிருந்து மேலே போங்கள். போன வழியிலேயே திரும்பப் போனால், முதல் முறை 8-ம் 7-ம் 14 என்று சொன்ன வாய் இரண்டாம் முறையும் அதையே சொல்லும். திசை மாறினால் ஒன்றையொன்று சந்திக்கும் எண்கள் மாறுகின்றன, பழைய தடுமாற்றம் திரும்ப வராது.

வித்தியாசத்தை வெச்சே தப்பு என்னன்னு சொல்லலாம்னு சொல்றாங்களே, உண்மையா?

ஒரே ஒரு தவறுதான் நடந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் சொல்லலாம். வித்தியாசம் 10, 100 என்று உருண்டையாக இருந்தால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் மீதியில் சந்தேகப்படுங்கள். சிறுவர் வரிசையின் ஒன்றாம் இலக்கங்கள் 2, 5, 7, 8. கூட்டினால் 22. 2-ஐ எழுதி மீதி 2-ஐப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1-ஐ மட்டும் கொண்டுபோனால் 382, 372 ஆகிவிடும், பெருமொத்தத்தில் வித்தியாசம் சரியாக 10.

வித்தியாசம் அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு எண்ணாகவே இருந்தால் அந்த எண் விடுபட்டிருக்கலாம், அல்லது இரண்டு முறை சேர்ந்திருக்கலாம். 41 வித்தியாசம் என்றால் அறிவியல் வரிசையின் மூன்றாம் வாரத்தையும், அதைத் தொடும் இரண்டு மொத்தங்களையும் பாருங்கள்.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 526-ஐ 562 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 36. அதை 9-ஆல் வகுத்தால் 4. மாறிப்போன இலக்கங்கள் 2-ம் 6-ம், அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசமும் 4. ஆகவே கடைசி இரண்டு இலக்கங்களுக்குள் வித்தியாசம் 4 உள்ள மொத்தத்தைத் தேடினால் போதும். பத்தாம் இடத்து இலக்கம் ஒன்றாம் இடத்துக்கு வரும்போது 10 மடங்காக இருந்தது 1 மடங்காகிறது, மற்றது நேர்மாறாகிறது. இரண்டிலும் அசைவது 9 மடங்கு, அதனால்தான் இந்தக் கணக்கு. ஒரு சைபர் கூடுதலாக விழுந்து 48 என்பது 480 ஆனாலும் வித்தியாசம் 432, அதுவும் 9-ஆல் வகுபடும். வகுத்தால் அந்த 48-ஏ வந்து நிற்கும்.

இந்தக் குறிப்பு எதுவும் பொருந்தலை. எல்லாத்தையும் திரும்பக் கூட்டணுமா?

வேண்டாம். அட்டவணையை இரண்டாக வெட்டுங்கள். மேலே உள்ள இரண்டு வரிசைகளை மட்டும் தனி அட்டவணையாக நினைத்து நெடுக்கே கூட்டினால் 185, 207, 167, 207 வரும். மொத்தம் 766. அந்த இரண்டு வரிசைகளின் குறுக்கு மொத்தம் 526 + 240, அதுவும் 766. மேல் பாதி சுத்தம். கீழ்ப் பாதியில் நெடுக்கே 126, 114, 148, 135, மொத்தம் 523. 382-ஐ 372 என்று எழுதிய நம் தவறான அட்டவணையில் குறுக்கு மொத்தங்கள் 372-ம் 141-ம் சேர்ந்து 513. ஆக, தவறு இந்த இரண்டு வரிசைகளில் ஒன்றின் மொத்தத்தில் இருக்கிறது.

நான்கு வரிசைக்கு இது பெரிய லாபம் இல்லை. 64 வரிசை இருந்தால் 32, 16, 8 என்று ஆறே வெட்டில் ஒற்றை வரிசைக்கு வந்துவிடலாம். இரண்டு பாதியும் தனித்தனியே சமமாகி, முழுதாகச் சேர்க்கும்போது மட்டும் இடித்தால், தவறு கீழே உள்ள நெடுக்கு மொத்தங்களில் ஒன்றிலோ கடைசிக் கூட்டலிலோ இருக்கிறது. அப்போது மேல் பாதி, கீழ்ப் பாதி என்று கிடைத்த எண்களை வாரவாரியாகக் கூட்டி (185 + 126 = 311 என்பது போல) கீழே எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

ரெண்டும் சமமா வந்துடுச்சு. இனி அட்டவணை சரிதானே?

கூட்டல் சரி. அட்டவணை சரியா என்பது வேறு கேள்வி. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு முறை கையெழுத்துப் பதிவிலிருந்து எடுத்தெழுதும்போது ஒரு கட்டத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். குறுக்கே கூட்டினேன், நெடுக்கே கூட்டினேன், அழகாகச் சமமானது. கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன். மூலப் பதிவின் அடியில் இருந்த மொத்தத்தோடு வேறு ஒருவர் ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

நம் அட்டவணையில் அது இப்படி இருக்கும். கட்டுரை, வாரம் 1-ல் 57-க்குப் பதில் 75 என்று எழுதினால் அந்த வரிசை 258 ஆகும், அந்த வாரம் 329 ஆகும். குறுக்கே பெருமொத்தம் 1307, நெடுக்கேயும் 1307. கட்டத்துக்குள் இருக்கும் தவறு "தலா ஒரு முறை" இரண்டு பக்கமும் போய்ச் சேர்வதால் இந்தச் சோதனைக்கு அது தெரியவே தெரியாது. அதேபோல் ஒரு குறுக்கு மொத்தத்தில் 10 குறைந்து, இன்னொரு குறுக்கு மொத்தத்தில் 10 கூடினாலும் மூலை சமமாகவே இருக்கும். கட்டத் தவறோடு ஒப்பிட்டால் இது அரிது.

அப்ப கட்டத்துக்குள்ள இருக்கிற தப்பை எப்படித்தான் பிடிக்கிறது?

எடுத்தெழுதும் முன்பே மூலத்தில் உள்ள மொத்தங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிரிவுவாரியாக ஒரு பதிவும், வாரவாரியாக ஒரு பதிவும் இருந்தால் இரண்டிலிருந்தும் எடுங்கள். நம்முடைய கட்டங்களைக் கூட்டி வந்த எண்ணாக அது இருக்கக் கூடாது, வேறு யாரோ வேறு இடத்தில் எண்ணியதாக இருக்க வேண்டும்.

இப்போது முந்தைய பதிலில் உள்ள தவறைப் பாருங்கள். மூலத்தில் கட்டுரை 240, நம்மிடம் 258, 18 கூடுதல். மூலத்தில் வாரம் 1-க்கு 311, நம்மிடம் 329, அங்கேயும் 18 கூடுதல். மற்ற ஆறு மொத்தங்களும் ஒத்துப்போகின்றன. கட்டுரை வரிசையில் விரலை வைத்து, வாரம் 1-ல் இன்னொரு விரலை வைத்தால் இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் குற்றவாளி. 18-ஐ 9-ஆல் வகுத்தால் 2, அங்கே இருக்கும் 7-க்கும் 5-க்கும் வித்தியாசமும் 2. மூலத்தைப் புரட்டும் முன்பே இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று ஊகித்துவிடலாம். ஊகத்தின் பேரில் திருத்திவிடாதீர்கள், மூலத்தைப் பார்த்தே திருத்துங்கள்.

ரெண்டு கட்டம் தப்பா இருந்தா?

வித்தியாசங்கள் வேறு வேறாக இருந்தால் சிக்கல் இல்லை. 18 கூடிய வரிசைக்கு 18 கூடிய வாரம், 63 கூடிய வரிசைக்கு 63 கூடிய வாரம் என்று ஜோடி சேர்த்துவிடலாம். ஒரே அளவாக இருந்தால் குழப்பம் வரும். கதை, வாரம் 2-ல் 143 என்பது 134 ஆகி, சிறுவர், வாரம் 4-ல் 98 என்பது 89 ஆனால், இரண்டு வரிசையிலும் இரண்டு வாரத்திலும் 9 குறையும். தவறு அந்த இரண்டு கட்டங்களிலா, எதிர் மூலைகளான கதை வாரம் 4-லும் சிறுவர் வாரம் 2-லுமா என்று மொத்தங்களால் சொல்ல முடியாது. நான்கு கட்டங்களையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு வகை அடிக்கடி வரும்: ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் மாறிப்போவது. கதை வரிசையில் 143-ம் 119-ம் இடம் மாறினால் வரிசை மொத்தம் 526 அப்படியே இருக்கும். வாரம் 2-ல் 24 குறையும், வாரம் 3-ல் 24 கூடும். எந்த வரிசை என்று மொத்தம் காட்டாது. ஆனால் அந்த இரண்டு வாரங்களுக்கும் இடையே 24 வித்தியாசம் உள்ள வரிசை எது என்று பார்த்தால் கதை மட்டும்தான் நிற்கும்.

கம்ப்யூட்டர்ல ஃபார்முலா போட்டுட்டா இதெல்லாம் தேவையா?

கூட்டல் பிழை வராது. வரம்புப் பிழை வரும். எண்கள் B2 முதல் E5 வரை, குறுக்கு மொத்தங்கள் F-ல், நெடுக்கு மொத்தங்கள் 6-ஆம் வரிசையில் இருப்பதாக வைத்தால், அட்டவணைக்கு வெளியே ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=ROUND(SUM(F2:F5)-SUM(B6:E6),2)
```

விடை 0 வர வேண்டும். ROUND ஏன் என்றால், தசம எண்களைக் கணினி இரும எண்ணாக வைத்திருப்பதால் சில நேரம் மிக நுண்ணிய மிச்சம் தங்கி, சமமான இரண்டு மொத்தங்களும் சமமில்லை என்று காட்டும். ஒரே ஒரு வரிசையின் ஃபார்முலா D வரை நின்றுவிட்டாலோ, மொத்தத்தின் மேல் யாராவது நேரடியாக எண்ணைத் தட்டிவிட்டாலோ இந்தக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்காத ஒன்று உண்டு. 5-ஆம் வரிசைக்குக் கீழே புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கும்போது எல்லா ஃபார்முலாவும் பழைய வரம்பிலேயே நின்றால், புதிய வரிசை இரண்டு பக்கத்திலும் சேராது, விடை 0 என்றே வரும். மொத்த வரிசைக்கு மேலே ஒரு காலி வரிசையை விட்டு, அதையும் சேர்த்து வரம்பு கொடுத்துவிட்டு, புதியவற்றை எப்போதும் அந்தக் காலி வரிசைக்கு மேலே செருகுவது என் பழக்கம்.

வித்தியாசம் 0-ன்னு காட்டுது, ஆனா கையால கூட்டினா வேற எண் வருதே?

ஏதோ ஒரு கட்டத்தில் எண் உரையாகக் கிடக்கிறது. வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது கூடவே ஒரு இடைவெளியோ மேற்கோள் குறியோ வந்துவிடும். வரம்புக்குள் இருக்கும் உரையை SUM சேர்க்காமல் தாண்டிப் போகும். குறுக்கேயும் தாண்டும், நெடுக்கேயும் தாண்டும், அதனால் சமமாகிவிடும். கட்டத்துக்குள் தவறு இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதன் கணினி வடிவம் இது.

```
=COUNT(B2:E5)
```

இது எண்களை மட்டும் எண்ணும். நம் அட்டவணைக்கு 16 வர வேண்டும். 15 வந்தால் ஒரு கட்டம் உரையாகவோ காலியாகவோ இருக்கிறது. கண்ணால் தேடுவதானால், நீங்கள் இட வல ஒழுங்கு எதையும் மாற்றாத அட்டவணையில் உரை இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்.

தசமத்தை முழு எண்ணா மாத்தினதும் 1 இடிக்குது. இது தப்பா?

ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக முழுமையாக்கி, மொத்தத்தையும் உண்மையான தசமங்களிலிருந்து தனியாக முழுமையாக்கினால் இது இயல்பு. 10.4, 10.4, 10.4, 10.4 என்றால் கட்டங்கள் 10, 10, 10, 10 என்று தெரியும். மொத்தம் 41.6, அது 42 என்று தெரியும். வாசிப்பவர் 40 வர வேண்டுமே என்பார்.

எல்லா இடிப்பையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்சம் அரைதான் நகரும். நான்கு கட்ட வரிசையில் மொத்தத்தின் அரையையும் சேர்த்தால்கூட வித்தியாசம் 2-ஐத் தாண்ட முடியாது. 3 வந்தால் அது பிழை. சரிபார்ப்பை முழுமையாக்காத எண்களில் செய்துவிட்டு, வெளியிடும் அட்டவணையின் கீழே "முழுமையாக்கியதால் மொத்தம் சற்று மாறலாம்" என்று ஒரு வரி போடுங்கள்.

புத்தகத்துக்குப் பதிலா, வந்த ஆட்களை எண்ணினேன். சமமாகவே மாட்டேங்குது. எங்கே தப்பு?

கூட்டலில் தவறில்லை. வேறு வேறு ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணியிருப்பீர்கள். வாரம் 1-ல் வந்தவரே வாரம் 2-லும் வந்திருந்தால் இரண்டு கட்டத்திலும் இருப்பார், ஆனால் அந்தப் பிரிவின் மாத மொத்தத்தில் ஒரே ஆள்தான். "தலா ஒரு முறை" இங்கே உடைந்துவிட்டது. இப்படிப்பட்ட அட்டவணையில் மொத்தங்கள் கட்டங்களின் கூட்டுத்தொகை அல்ல, அவற்றை மூலத்திலிருந்து தனியாக எண்ண வேண்டும், குறுக்கு நெடுக்குச் சோதனை பொருந்தாது. சராசரி, சதவீதம் இவற்றுக்கும் அப்படியே. அவற்றுக்கு அடிப்படையான எண்ணிக்கைகளைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, சதவீதத்தை அதன் பிறகு கணக்கிடுங்கள்.

வெறும் 1தான் வித்தியாசம். ஒரு மொத்தத்துல 1 கூட்டிட்டா ஆச்சா?

கூடாது. 1 என்பது மிச்சம் மட்டுமே, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. நம் அட்டவணையிலேயே சிறுவர் வரிசை 382-க்குப் பதில் 372 என்று வந்து, கூடவே வாரம் 2-ன் 321-ஐ 312 என்று எழுதிவிட்டதாக வையுங்கள். குறுக்கே 1279, நெடுக்கே 1280. வித்தியாசம் 1. குறுக்குப் பக்கம் 1-ஐக் கூட்டினால் மூலையில் 1280 நிற்கும், எல்லாம் சமம் என்று தோன்றும், உண்மையான 1289-லிருந்து 9 குறைவாக.

இங்கே வித்தியாசத்தை வைத்துத் தேடும் வழி கைகொடுக்காது, அது ஒரே ஒரு தவறு இருக்கும்போதுதான் பேசும். இரண்டாக வெட்டும் வழி கைகொடுக்கும். மேல் பாதி 766, இரண்டு பக்கமும் சமம். கீழ்ப் பாதியில் நெடுக்கே 523, குறுக்கே 513, ஆக 10 அங்கே இருக்கிறது. பிறகு வாரவாரியாகச் சேர்த்தால் வாரம் 2-க்கு 207 + 114 = 321, கீழே எழுதியிருப்பதோ 312. இரண்டையும் திருத்திவிட்டு மூலையை மறுபடி காலியாக்கி, இரண்டு பக்கமிருந்தும் புதிதாகக் கூட்டுங்கள்.